ஏழாம் எண் ரிஸ்க்கின் பொறுப்பாளர்

அந்த மருத்துவமனையின் திட்ட அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘மினிட்ஸ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ‘மினிட்ஸ், அந்த ஃபைலை அனுப்புங்க.’ ‘மினிட்ஸ் சாப்பிட்டாச்சா?’ டயாலிசிஸ் பிரிவைப் பழைய கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்துக்கு மாற்றும் திட்டம் அது. மாதம் ஒருமுறை வழிகாட்டுதல் குழு கூடும். மேசையின் ஓரத்தில், பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எடுப்பாள். பேசுகிறவர்களின் வாயையே பார்த்துப் பழகியதில், அவளுக்கும் ஒரு வாய் இருப்பது மற்றவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

நடக்கக்கூடிய கெடுதல் ரிஸ்க் பட்டியலில் இருக்கும். நடந்துவிட்டது சிக்கல் பட்டியலுக்குப் போகும். முடிவான திட்டத்தில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் மாற்றக் கோரிக்கை. மூன்றையும் மாதாமாதம் புதுப்பித்து, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் அனுப்புவது அவள் வேலை.

ஏழாம் எண் ரிஸ்க் தண்ணீரைப் பற்றியது. டயாலிசிஸ் இயந்திரத்துக்குள் போகும் தண்ணீர் நோயாளியின் ரத்தத்திலிருந்து ஒரு மெல்லிய சவ்வு தள்ளித்தான் ஓடும். அதனால் புதிய சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு, வாரத்துக்கு ஒன்றாக மூன்று மாதிரிகள் தொடர்ந்து சுத்தமாக வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆய்வகம் ஏழு நாள் எடுத்துக்கொள்ளும். ‘நேரத்துக்குள் முடியாமல் போகலாம்’ என்று எழுதிவைத்தவர் தண்ணீர் இன்ஜினியர். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பொறுப்பாளர் என்ற கட்டம் காலியானது.

காலிக் கட்டத்துக்கு அந்த அறையில் குரல் இல்லை. தலைவர் ஒவ்வொரு பொறுப்பாளராகக் கூப்பிடுவார், அவர்கள் சொல்வார்கள். ஆறு முடிந்ததும் எட்டு. அவள் ஏழுக்கு நேரே ‘மாற்றமில்லை’ என்று அடித்தாள். அடுத்த மாதமும் அதுவே. மூன்றாவது மாதம் முந்தைய வரியை நகலெடுத்தே ஒட்டினாள். ஒட்டும்போது விரல் கூசியது.

நான்காவது மாதம் பதினான்காம் எண் மாற்றக் கோரிக்கை வந்தது. இடம்மாறும் தேதியை நான்கு வாரம் முன்னால் கொண்டுவர வேண்டும். காரணம் நியாயமானது. பழைய கட்டடத்தில் பாதி இயந்திரங்கள் படுத்துவிட்டன. ஆளுக்கு நான்கு மணி நேரம் என்பதை மூன்றாகக் குறைத்திருந்தார்கள். தண்ணீர் நிலையம் ஓடத் தொடங்கும் நாளுக்கும் முதல் நோயாளி படுக்கும் நாளுக்கும் இடையே நாற்பது நாள் இருந்தது. இனி பன்னிரண்டு. ‘பாதிக்கப்படும் ரிஸ்க்குகள்’ என்ற இடத்தில் திட்ட மேலாளர் ‘எதுவுமில்லை’ என்று போட்டிருந்தார்.

அவள் அவர் மேசைக்குப் போனாள்.

“சார், ஏழாவதுக்கு யாரையாவது பொறுப்பாப் போடணும்.”

“புது இன்ஜினியர் வந்ததும் பாக்கலாம். போன மாசம் மாதிரியே இருக்கட்டும் மினிட்ஸ்.”

“தேதி மாறுது சார். மூணு டெஸ்டுக்கே இருபத்தொரு நாள் வேணுமே.”

“நீங்க டைப் பண்றவங்க. டென்ஷன் பண்றதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க.” சிரித்துக்கொண்டே போனை எடுத்துவிட்டார்.

அவளுடைய அக்கா அந்தப் பழைய கட்டடத்தில்தான் வாரம் மூன்று நாள் படுத்துக் கிடந்தாள்.

வீட்டுக்குப் போனபோது அக்கா காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தாள். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது.

“பாருடி, மாவு பிசைஞ்ச மாதிரி. புதுக் கட்டடத்துக்கு அடுத்த மாசமே மாத்திடுவாங்களாம், நர்ஸ் சொன்னா. மறுபடியும் நாலு மணி நேரமாம். படுத்துத் தூங்கி எத்தனை நாளாச்சு, உக்காந்தே தூங்கறேன்.”

“ம்.”

“என்ன ம்? உங்க ஆபீஸ்லதானே எல்லாம். சீக்கிரம் முடிக்கச் சொல்லு. அப்படியாவது உன்னால ஒரு பிரயோஜனம் இருக்கட்டும்.”



மறுநாள், ஏழாம் எண்ணுக்கு நேரே பொறுப்பாளர் கட்டத்தில் தன் பதவியைத் தட்டினாள்: திட்ட அலுவலக உதவியாளர். நடக்கும் வாய்ப்பு ஐந்துக்கு ஐந்து, பாதிப்பும் ஐந்துக்கு ஐந்து. கட்டம் சிவப்பானது. அனுப்பிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அனுப்பிய தாள்களை யாரும் முழுதாகப் படிக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

கூட்டத்தில் ஆறு முடிந்தது. தலைவர் தாளைப் பார்த்தார், பிறகு அவளை.

“ஏழு... இது நீங்களா?”

மேலாளரின் பேனா நின்றது. அவள் எழுந்தாள். உட்கார்ந்தே பேசலாம் என்பது நினைவுக்கு வரவில்லை.

“முதல்ல ஒண்ணு சொல்லணும் சார். எங்க அக்கா இங்க டயாலிசிஸ் பேஷண்ட். அதை மினிட்ஸ்ல பதிவு பண்ணணும்.”

“அதான் பாத்தேன்,” என்றார் மேலாளர். “சொந்தக் கவலையைக் கொண்டுவந்து...”

“சீக்கிரம் மாறினா உங்க அக்காவுக்குத்தானே நல்லது?” என்றார் தலைவர்.

“ஆமா சார். அவளும் அதைத்தான் கேக்கறா.” தாளில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். “பன்னிரண்டு நாள்ல ஒரு டெஸ்ட் ரிசல்ட்தான் வரும். மூணு வேணும்.”

தலைவர் நெற்றியைத் தேய்த்தார். “அங்க இருக்கறவங்க கால் வீங்கிக் கிடக்காங்கம்மா. அதுவும் ரிஸ்க்தான். தண்ணி ரிஸ்க்கை ஏத்துக்கறோம்னு எழுதிடுங்க. கோரிக்கைக்கு அனுமதி.”

“ஏத்துக்கறவங்க பேர் வேணும் சார்.”

“குழுன்னு போடுங்க.”

“ஒரு ஆளோட பேர்தான் போட முடியும். நம்ம விதிமுறையிலயே இருக்கு.”

குழுவில் இருந்த டயாலிசிஸ் டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலாளர் குனிந்து தாளைப் புரட்டினார். அதில் அடுத்த பக்கம் இல்லை.

“நான் போடமாட்டேன்,” என்றார் டாக்டர் கடைசியில், மெதுவாக.

தலைவரும் போடவில்லை. கோரிக்கை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ரிஸ்க் அவள் பேரிலேயே இருக்கும். ஆனால் சொந்த நலன் உள்ளவர் குறிப்பெழுதக் கூடாது என்பதால் மினிட்ஸ் வேறொருவர் கைக்குப் போனது. வெளியே வரும்போது மேலாளர், “இனிமே உங்களை என்னன்னு கூப்பிடறது? தண்ணின்னா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் நிலையம் ஓடத் தொடங்கியது. டெக்னீஷியனுடன் அவளும் போய் நின்றாள். கிருமி போகக் குழாய் வாயைத் தீயில் வாட்டி, அவன் தண்ணீர் மாதிரியைப் பிடித்தான். கண்ணாடி போல இருந்தது தண்ணீர். சுத்தமாக வந்துவிட்டால் தன்னைவிட முட்டாள் வேறு யாருமில்லை என்று நினைத்தாள். சுத்தமாக வரட்டும் என்றும் வேண்டிக்கொண்டாள்.

எட்டாம் நாள் ஆய்வகத்தின் தாள் வந்தது. வரம்பைவிடப் பல மடங்கு கிருமி. எங்கோ ஒரு குழாய்க் கிளையில் நீர் தேங்கி நின்றிருக்கிறது. அதை வெட்டி எடுத்து, மொத்தத்தையும் கழுவி, மூன்று மாதிரியையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏழாம் எண் ரிஸ்க்கை மூடி, சிக்கல் பட்டியலில் புதிய வரி திறந்தாள். பொறுப்பாளர் அவளே.

மாலையில் அக்கா வாசல்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமும் இப்போது வீங்கியிருந்தது.

“நர்ஸ் சொன்னா. தள்ளிப்போட வெச்சது உங்க தங்கச்சிதான்னு. நிஜமாடி?”

அவள் தாளை நீட்டினாள். அக்கா வாங்கவில்லை.

“நான் கெஞ்சினேனே உன்கிட்ட.”

“அக்கா, அந்தத் தண்ணி கெட்டுப்போயிருக்கு. பன்னிரண்டு நாள்னா, இந்த ரிசல்ட் வந்து நாலாம் நாள் உன்னை அங்க படுக்க வெச்சிருப்பாங்க.”

“ரிசல்ட்டைப் பாத்து நிறுத்தியிருப்பாங்கல்ல?”

மூன்று மாதம் ஏழாம் எண்ணைத் தாண்டி எட்டுக்குப் போன அறையை அவள் நினைத்துப் பார்த்தாள். “தெரியலக்கா. சத்தியமாத் தெரியல.”

“இன்னும் எத்தனை வாரம்?”

“அஞ்சு. ஆறும் ஆகலாம்.”

அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். மூச்சு சிறு சிறு படிகளாக ஏறியது.

“அதுவரைக்கும் நான் தாங்குவேன்னு எதுல எழுதி வெச்சிருக்க?”

அவள் உள்ளே போனாள். தலையணை இரண்டை எடுத்துவந்து அக்காவின் முதுகுக்குப் பின்னால் அடுக்கினாள். போதாமல், தன் தோளைக் கொடுத்தாள். அக்கா கொஞ்ச நேரம் விறைப்பாகவே இருந்தாள். பிறகு கோபம் போகாமலே சாய்ந்துகொண்டாள்.