பையில் ஓட்டை இல்லை

கோயிலில் பெருமாளைத் தோளில் சுமப்பவர் அவர். உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கும் என்ற எங்கள் ஆய்வுக்காக, ஓடாத சைக்கிளில் உட்கார்ந்து மிதித்தார். அவர் விட்ட மூச்சையெல்லாம் ஒரு பெரிய பையில் பிடித்து, அதன் அளவையும் மிஞ்சிய ஆக்சிஜனையும் கணக்கிட்டேன். உடல் எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று அதில் தெரியும். முந்தின நாள் வந்த நெசவாளருக்கு அந்த உச்சத்தை எட்டுமுன்பே கால் ஓய்ந்துவிட்டது. இவரோ சைக்கிளின் சுமையைக் கூட்டியும் மிதிப்பதை விடவில்லை. ஆனால் கடைசி இரண்டு சுமைக்கும் ஆக்சிஜன் ஒரே அளவு!

பை ஒழுகுகிறதோ என்று பயந்து, மறுநாளும் அந்த மனிதரை வதைத்தேன். அதே அளவு. நெஞ்சு வெடித்துவிடுமோ என்று நாடியைப் பிடித்தால், அதுவும் அதற்குமேல் ஏறவில்லை. இதயம் இறைக்கும் ரத்தத்துக்கு எல்லை வந்துவிட்டிருந்தது.

மூச்சு வாங்க இறங்கியவரிடம் பையைப் பற்றி எனக்கிருந்த சந்தேகத்தைச் சொன்னேன்.

"பையில ஓட்டை இல்ல சார். அவ்ளோதான் நானு."