மேனேஜருக்கு வைத்த காலைச் சோறு

பிராணிகள் மருத்துவமனையின் பணி விதிகளின்படி, முன்மேசையில் அமர்பவர் ‘வருவோரை இன்முகத்துடன் வரவேற்று, தேவையைக் கனிவுடன் கேட்டறிந்து, தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்பிவைக்கும் வரவேற்பாளர்.’ அந்த நாற்காலியில் பல வருடமாக இருந்தவள் திருப்பி அனுப்புவதில் பேர் போனவள். நாய் வளர்ப்பவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சுங்கச்சாவடி. அவளுக்கும் அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அறுவை சிகிச்சைக்கு வரும் நாய்களின் சொந்தக்காரர்களிடம் ‘சாப்பிட்டதா’ என்று அவள் கேட்கமாட்டாள். அப்படிக் கேட்டால் உலகமே ஒரே குரலில் இல்லை என்று சொல்லும். ‘நேற்று ராத்திரிக்குப் பிறகு கடைசியாக என்ன போட்டீர்கள்’ என்று கேட்பாள். அப்போதுதான் அரை முட்டையும் ரொட்டித் துண்டும் ஒவ்வொன்றாக வெளியே வரும். வெண்ணெயில் பொதித்துக் கொடுத்த மாத்திரை சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று ஒரு வக்கீல் அவளிடம் வாதாடிப் பார்த்தார்.

“தொண்டைக்குள்ள போனதெல்லாம் சாப்பாடுதான் சார். தண்ணி மட்டும் காலைல வரைக்கும் வைக்கலாம். மயக்கத்துல இருக்கிறப்ப நாய்க்கு விழுங்கத் தெரியாது, இருமத் தெரியாது. வயித்துல கிடக்கிறது மேல வந்தா நேரா நுரையீரலுக்குப் போகும். வக்கீலுக்கு வாய்தா தெரியும்ல? வேற நாள் வாங்க.”

வக்கீல் வேறு நாள் குறித்துக்கொண்டு போனார்.

வீட்டில் அவளும் தம்பியும் ஒரு நாயும். தம்பி அச்சகத்தில் மாலை ஷிப்ட் பார்ப்பவன். யார் எதற்குக் குறை சொன்னாலும், இருக்கும் இருக்கும் என்று ஏற்றுக்கொள்கிற ரகம். நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்ததும் அவன்தான். பெட்டை நாய்தான், ஆனால் ஒரு வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும் பிராணிக்கு வேறென்ன பெயர் வைப்பது? பதினொரு வயதாகி, மூக்கைச் சுற்றி நரைத்திருந்தது. அதன் வயிற்றுப் பக்கம், பின் மடியில், பட்டாணி அளவில் ஒரு கட்டி இருப்பதைக் குளிப்பாட்டும்போது கண்டுபிடித்ததும் தம்பிதான்.

டாக்டரம்மா கட்டியை உருட்டிப் பார்த்துவிட்டு, சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுவோம் என்றார். ரத்தப் பரிசோதனை நடந்தது. ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம் எல்லாம் ஒழுங்கு. நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். வயதான உடம்பு மயக்க மருந்தைக் கழித்து வெளியே தள்ள நேரமெடுக்கும், அதனால் அளவைக் குறைப்போம், நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவோம், உடம்பு சில்லிட்டுப் போகாமல் சூட்டு விரிப்பு போடுவோம் என்று டாக்டரம்மா விவரித்தார். இதையெல்லாம் அவளே எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறாள். தலையாட்டினாள்.

அவளுடைய சிக்கலே எல்லாம் தெரிந்திருந்ததுதான். அந்த மேசையைக் கடந்து வாலாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன கிழட்டு நாய்கள் எண்ணிலடங்கா. அவற்றில் ஒன்றின் முகம்கூட அவளுக்கு நினைவில்லை. ஆனால் ரத்தமெல்லாம் சரியாக இருந்தும் அறுவை மேசையிலேயே இதயம் நின்றுபோன ஒரு பழுப்பு நாயை மறக்கவில்லை. அதன் கழுத்துப் பட்டையைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சொந்தக்காரர் கையில் கொடுத்தது அவள்தான். அந்த மனுஷன் அதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். பரிசோதனை ஆபத்தைக் குறைக்குமே தவிர உத்தரவாதம் தராது என்பதை அவளைவிட யாரும் அறியமாட்டார்கள். அறியாதவர்கள் நிம்மதியாக நாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள்.

குறித்த நாள் காலையில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். நாயை ஒன்பது மணிக்குக் கூட்டிவருவது அவன் பொறுப்பு. அவள் வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டி, கதவுவரை போய்த் திரும்பி வந்தாள். முந்தின நாள் மிச்சச் சோற்றில் கோழிச் சாற்றைப் பிசைந்து வைத்தாள். மேனேஜர் ராத்திரிப் பட்டினியை நக்கித் தீர்த்தது. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா நாயின் வாயை மோந்துபார்த்து, என்ன சாப்பிட்டது என்று கேட்டார். அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

“இவன் நின்னுக்கிட்டே ரஸ்க் தின்பான் டாக்டர். பாதி கீழதான் கிடக்கும்.”

அவன் தலையைச் சொறிந்தான். காலையில் ரஸ்க் தின்றது உண்மைதான். இருக்கும் டாக்டர் என்றான். சிகிச்சை தள்ளிப்போனது. அன்றைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவளும் கூடவே வீட்டுக்குப் போகும் வழியில், மேனேஜர் வேகமாக நடந்ததைப் பார்த்து, அவளுக்குப் பல நாட்களுக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு வந்தது. ஒருநாள் பிழைத்தோம் என்ற நிம்மதி.

அடுத்த தேதிக்குள் தம்பிக்குக் காய்ச்சல், பிறகு டாக்டரம்மா ஊரில் இல்லை, பிறகு அவளே இரண்டு தடவை நாள் சரியில்லை என்றாள். பரிசோதனை பழசாகிவிட்டதால் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுபடி எல்லாம் ஒழுங்கு. எதிலாவது ஒரு குறை இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கட்டி பட்டாணியிலிருந்து நெல்லிக்காயாகியிருந்தது.

இரண்டாவது தடவை தம்பி ரஸ்க்கே தின்னவில்லை. முந்தின நாளே வீடு முழுக்கக் கூட்டிப் பெருக்கி, சோபாவுக்கடியில் கையைவிட்டுத் துழாவி, குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டினான். அவன் குளிக்கப் போன நேரத்தில் அவள் சோறு வைத்தாள். மேசையில் படுக்கவைத்து ஊசி போட எடுத்த நேரத்தில் நாய் பெரிய ஏப்பம் ஒன்று விட்டது. டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார்.

“வீட்டுல பேய் கீய் இருக்கா உங்களுக்கு?” என்று தம்பியிடம் கேட்டார். கோபத்தில் இல்லை, களைப்பில். அடுத்த தடவை முந்தின ராத்திரியே இங்கே கூண்டில் விட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். எங்கே சிந்தினேன் என்று தம்பி வழியெல்லாம் தன்னையே விசாரித்துக்கொண்டு வந்தான். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மூன்றாவது தடவைக்கு நாள் கிடைக்க இன்னும் சில வாரம் ஆனது. கூண்டில் இருந்த மேனேஜர் முறைப்படி பட்டினி கிடந்தது. காலையில் பார்த்த ரத்தத்தில் சிறுநீரகக் கணக்கு ஒரு படி ஏறியிருந்தது. திரவம் ஏற்றிச் சமாளிக்கலாம், பயமில்லை என்றார் டாக்டரம்மா. பிறகு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். நுரையீரலில் அங்கங்கே வெள்ளை உருண்டைகள்.



“இனிமே வெட்டி எடுத்துப் பிரயோஜனமில்லைங்க. வலியில்லாமப் பாத்துக்குவோம்” என்றார் டாக்டரம்மா. “முதல் தேதிலயே எடுத்திருந்தா ஒருவேளை...” முடிக்கவில்லை. முன்மேசைக்காரியிடம் போய் அதை முடிப்பானேன் என்று நினைத்திருப்பார்.

தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நாயின் தலையை மடியில் வைத்திருந்தான். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் சொன்னான்:

“எல்லாம் என்னாலதான்க்கா. எங்கயோ சிந்தியிருக்கேன்.”

“நீ சிந்தலடா.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நான்தான் சோறு வச்சேன். ரெண்டு தடவையும்.” நாயின் காதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “மேசையில செத்துரும்னு பயமா இருந்துச்சு. பயமா இருக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். எதிர்ச் சுவரில் பூனை உணவு விளம்பரம் தொங்கியது. அதைக் கடைசி எழுத்துவரை படித்தான்.

“இப்ப அதுக்குச் சாப்பாடு குடுக்கலாமா?” என்று கேட்டான்.

கொடுக்கலாம் என்றாள்.

மேனேஜர் அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் இருந்தது. தம்பி அக்காவிடம் வழக்கம்போலவே பேசினான். ரஸ்க்கை மட்டும் தட்டில் வைத்து, உட்கார்ந்து தின்னப் பழகிக்கொண்டான். டாக்டரம்மா அவனைப் பார்க்கும்போதெல்லாம், அந்த நாய் விஷயத்தில் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்ற முகத்தோடு பார்ப்பார். அவனும், இருக்கும் என்கிற முகத்தோடு நிற்பான். அக்கா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள்.

சோறு வைத்தவள் அவள். அதைத் தம்பியிடம் சொன்னாள். டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.