சைக்கிளை விட்டு இறங்கிய பின்

முதல் போட்டியில் இரண்டாவது ஓட்டத்தை என்னால் முடிக்க முடியவில்லை. பாதி தூரத்தில், தேரூர் குளத்துச் சாலையோரம் இருந்த ஒரு கலுங்குச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். தொடைகள் இரண்டும் என்னுடையவை இல்லை என்பதுபோல் இருந்தன. மூச்சு வாங்கவில்லை, வலியும் பெரிதாக இல்லை. எழுந்தால் முட்டு மடங்கியது, அவ்வளவுதான்.

டூயத்லான் என்றால் முதலில் ஓட்டம், பிறகு சைக்கிள், மறுபடி ஓட்டம். எங்கள் போட்டியில் பத்து கிலோமீட்டர் ஓடி, நாற்பது கிலோமீட்டர் மிதித்து, கடைசியில் ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இதில் இறங்கினேன். என்னைச் சேர்த்துவிட்டவள் என் தோழி. குவைத்தில் பல வருடம் நர்சாக இருந்துவிட்டு வந்து, இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். கடற்கரை ஊர்க்காரி. நீச்சலும் சேர்ந்த டிரையத்லானுக்குப் போகலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"கடக்கரைல பொறந்தா நீந்தத் தெரியணுமாக்கும்? எங்க ஊர்ல ஆம்பிளைகதான் கடல்ல எறங்குவாங்க. எங்கள முட்டளவு தண்ணிக்கு மேல விட்டதில்ல," என்றாள்.

எனக்கு வயலும் வாய்க்காலும் சுற்றிய ஊர். எனக்கும் நீச்சல் வராது. அதனால் டூயத்லான்.

அன்று வீட்டுக்கு வந்து கைக்கடிகாரத்தில் பதிவான வேகத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கியபோது நான் ஊர்ந்து போவதாக நினைத்திருந்தேன். அதனால் இன்னும் முடுக்கினேன். உண்மையில் இரண்டாவது ஓட்டத்தின் முதல் கிலோமீட்டரை, காலையில் புதுக்காலோடு ஓடியதைவிட வேகமாக ஓடியிருந்தேன். சாலை விர்ரென்று பின்னால் போவதை ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு, ஓட்டத்தின் வேகம் வேகமாகவே படுவதில்லை. காலின் கனமும் சேர்ந்து அந்தப் பொய்யை உறுதி செய்கிறது.

"அப்போ மனசு சொல்லுகத கேக்கக் கூடாது, கடிகாரம் சொல்லுகத கேக்கணும்," என்றாள் தோழி.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளையும் ஓட்டத்தையும் சேர்த்தே பழகினோம். விடிவதற்குள் கிளம்பி, தோவாளை பூச்சந்தையைக் கடந்து ஆரல்வாய்மொழி போய்த் திரும்புவோம். அங்குள்ள கணவாய்க்குள் மேற்கிலிருந்து வீசும் காற்று போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். வீடு நெருங்கும் கடைசிச் சில நிமிடங்கள் கியரை லேசாக்கி, அழுத்தாமல் விறுவிறுவென்று மிதிப்போம். இறங்கியதும் சைக்கிளை அவள் வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்த்துவிட்டு உடனே ஓடுவோம். காலடியை நீட்டாமல், சின்னச் சின்னதாக, சீக்கிரம் சீக்கிரமாக வைக்க வேண்டும். முதல் கிலோமீட்டரில் வேண்டுமென்றே அடக்கி ஓட வேண்டும். இரண்டாவது கிலோமீட்டரில் கால் மெல்ல வசத்துக்கு வரும்.

எனக்கு வந்தது. சில வாரங்களில் ஐந்து கிலோமீட்டரையும் நிற்காமல் ஓடினேன். சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஒரு ஞாயிறு அவளால் டூட்டியை மாற்றிக்கொள்ள முடியவில்லை. நான் தனியாகப் போனேன். அதே சாலை, அதே காற்று. திரும்பி வந்து ஓடத் தொடங்கினால் கால் முதல் போட்டியில் இருந்ததுபோல் இறுகிவிட்டது. அடக்கித்தான் ஓடினேன், அப்படியும் நடக்க வேண்டியதாயிற்று. அன்று முழுவதும் யோசித்தேன். சைக்கிளில் அவள் என்னைவிட வலுவானவள். எப்போதும் முன்னால் போவாள், நான் அவள் பின்சக்கரத்தை ஒட்டிப் போவேன். காற்றை அவள் உடைத்துக்கொண்டு போனாள், நான் அவள் நிழலில் காலை மிச்சம் பிடித்தேன். எங்கள் போட்டியில் அப்படி ஒட்டிப் போகக் கூடாது. இடைவெளி விடாவிட்டால் தண்டனை உண்டு.

அடுத்த முறை அவளிடம் சொன்னேன்.

"இனி நீ முன்னால போ. நான் தூரமா, தனியா வாறேன்."

"ஏன், நான் போறது புடிக்கலியா?"

"அதில்ல. காத்து முழுசும் நீயே வாங்குற. எனக்க காலுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

"இத்தன நாளும் ஒனக்காவத்தான் ஏட்டி முன்னால போனேன். இப்ப அதும் தப்பாயிட்டா?"

அவள் அன்று வழக்கத்தைவிட வேகமாகப் போனாள். ஆரல்வாய்மொழியில் எனக்காக நிற்கவுமில்லை. அதன் பிறகு ஒரே சாலையில் ஒரே நேரத்தில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பழகினோம். முதல் இரண்டு வாரம் ஓட்டம் மோசமாக இருந்தது. எதிர்க்காற்றில் வேகத்தைப் பிடித்துவைக்கப் பார்க்காமல், கியரை இறக்கி, வேகம் குறைந்தால் குறையட்டும் என்று விட்ட பிறகுதான் ஓடுவதற்குக் காலில் ஏதோ மிஞ்சியது.

இரண்டாவது போட்டி ஆடி மாதக் காற்றில், அதே சாலையில் நடந்தது. முதல் ஓட்டத்தை இருவரும் சேர்ந்தே முடித்தோம். சைக்கிளில் அவள் போய்விட்டாள். நான் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றியபோது, அவள் குளத்துச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தாள். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். எனக்கு முடுக்க வேண்டும்போல் இருந்தது. தொடை கல்லாகக் கிடந்தது, கடிகாரம் நான் சரியான வேகத்தில் இருப்பதாகச் சொன்னது. அப்படியே போனேன். இரண்டு பேர் என்னைத் தாண்டினார்கள். அவர்களில் ஒருவர் என்னைவிட மூத்தவர். விட்டுவிட்டேன். ஒரு கிலோமீட்டர் முடிந்ததும் கொஞ்சம் வேகம் கூட்டினேன், கால் ஏற்றுக்கொண்டது. மூன்றாவதில் அந்த மூத்தவரைப் பிடித்தேன்.

நான்காவது கிலோமீட்டரில் தோழி கொஞ்சம் ஓடுவதும் கொஞ்சம் நடப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்ததும் என்னைப் பார்த்தாள்.

"எனக்காவ வேகத்தக் கொறைக்கியா?" என்றாள்.

"இல்ல."

"அப்போ போ."

போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. முடிவுக்கோட்டுக்கு அப்பால் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றபோது அவள் வந்தாள். நேரே நிழலில் போய்ப் படுத்தாள். அவள் கெண்டைக்கால் துடிப்பது தெரிந்தது. உட்கார்ந்து பிடித்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் சுசீந்திரத்தில் டீ குடித்தோம். பாதி டம்ளருக்குப் பிறகு கேட்டாள்.

"ஓட்டம் தொடங்கினப்போ நீ எங்க இருந்த?"

"ஒனக்குப் பின்னால. ஒன் முதுகப் பாத்துட்டுதான் இருந்தேன்."

"பாத்தும் வரலியா?"

"வந்திருந்தா ரெண்டு பேரும் சேந்து நடந்திருப்போம்."

அவள் இன்னொரு டீ சொன்னாள்.

ஒரு வாரம் போன் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், காலையில் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். மறுநாள் சைக்கிளில் அவள் முன்னால் போனாள், நான் இடைவெளி விட்டே போனேன். இறங்கி ஓடத் தொடங்கியபோது அவள் எனக்குப் பின்னாலேயே வந்தாள். முதல் கிலோமீட்டர் முடியும் வரை என்னைத் தாண்டக் கூடாது என்று அவளே ஒரு சட்டம் போட்டிருந்தாள். "இது ஓட்டமா மக்கா, தேர் இழுக்கியா?" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். தாண்டவில்லை.