ஒரு லட்சத்துக்கு மேல் போகாது

என் தம்பியின் போனில் பணம் அனுப்பும் ஆப் நான்கு இருந்தன. முதல் தடவை அனுப்பினால் கொஞ்சம் திருப்பித் தருவதாக ஒவ்வொன்றும் ஆசை காட்டியிருந்தது. அதற்காக இறக்கி வைத்தவை. பாறசாலைச் சந்தையில் மீன்காரியிடம் ஒன்று, பெட்ரோல் பங்கில் இன்னொன்று என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துவான். "ஒண்ணு சதிச்சாலும் பாக்கி மூணு உண்டு" என்பான். ஒரு ஆப்பில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் போகும் என்பது அவனுக்குத் தெரியும். நான்கில் நாலு லட்சம் என்று அவன் மனக்கணக்குப் போட்டிருந்ததை அன்றுவரை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

அவன் மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைக்கும் நம்பிக்கை போய்விட்டிருந்த சமயம். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை அழைப்பு வந்தது. ஒரே ஒரு இடம் காலி. மறுநாள் சான்றிதழ்களுடன் நேரில் வர வேண்டும், மூன்று மணிக்குள் முதல் தவணை இரண்டே கால் லட்சம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெண்ணுக்கு. மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை. வங்கிகள் திறக்காது.

தம்பியிடம் நாற்பத்தைந்தாயிரம் இருந்தது. ஒற்றசேகரமங்கலத்தில் இருக்கும் எங்கள் அக்கா ஒரு லட்சம் தருவதாகச் சொன்னாள். நான் எண்பதாயிரம். கல்யாணமோ படிப்போ, எங்கள் குடும்பத்தில் பங்கு எல்லாம் முதலில் ஒருவர் கைக்கு வந்து சேரும், அங்கிருந்துதான் வெளியே போகும். கல்லூரிக்கே நேராக அனுப்பிவிடட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"எதுக்கு? நாலு பேரு கையில இருந்து போனா ஊருல கை நீட்டிப் பிரிவு எடுத்துப் படிக்க வச்சது போல இருக்கும். தகப்பன் கையால கெட்டட்டு. ரசீதும் ஒரே பேர்ல வரும்லா."

சனிக்கிழமை காலை அக்காவும் நானும் தம்பிக்கு அனுப்பினோம். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைத் தம்பி மகளிடம் காட்டினான். இரண்டு லட்சத்து இருபத்தைந்தாயிரம். அவள் அதைப் படித்துவிட்டு, வெள்ளைச் சுரிதாரின் துப்பட்டாவை மறுபடி ஒருமுறை ஊசி குத்திச் சரிசெய்தாள்.

கல்லூரிக்கு நானும் கூடப் போனேன். அலுவலகத்தில் கம்பிக்குப் பின்னால் ஒரே ஒரு பெண் இருந்தார். ரொக்கம் வாங்குவதில்லை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. கார்டு தேய்க்கும் கருவி இல்லை. வங்கி வழியாக அனுப்பலாம், அல்லது கண்ணாடியில் ஒட்டிய கியூஆரை ஸ்கேன் செய்யலாம். தம்பிக்கு நெட் பேங்கிங் கிடையாது. கேட்டு வாங்கியதே இல்லை. சான்றிதழ் சரிபார்ப்பு முடிய நண்பகல் ஆனது. அவன் ஸ்கேன் செய்து ஒரு லட்சம் போட்டான். போனது. அடுத்த ஒரு லட்சத்துக்கு இரண்டாவது ஆப்பைத் திறந்தான். வங்கியின் தினசரி வரம்பு முடிந்துவிட்டது என்று வந்தது. மூன்றாவது ஆப்பிலும் அதே. நான்காவதில் அதே செய்தி, எழுத்தின் நிறம் மட்டும் வேறு.

"அண்ணே, போவல்ல."

கம்பிக்குப் பின்னாலிருந்த பெண் தலை நிமிராமல் கேட்டார். "எல்லா ஆப்பும் ஒரே அக்கவுண்டா சேட்டா?"

"ஆமா."

"பின்ன எப்பிடி போவும்? லிமிட்டு ஆப்புக்கில்ல, அக்கவுண்டுக்காக்கும். எந்த ஆப்புல இருந்து போட்டாலும் உங்க பேங்குல போய்த்தான் கேக்கும். அங்க ஒரு லெட்சம் ஆயாச்சு. இனி நாளைக்கு இதே நேரம் கழியணும்."

"நட்டநடு ராத்திரி கழிஞ்சா மாறாதா?"

"சில பேங்குல மாறும். உங்க பேங்குக்கு இருபத்திநாலு மணிக்கூர்."

சுவரோர பெஞ்சில் ஒருவர் தன் மகளுடன் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தார். பட்டியலில் அடுத்த பெண்ணின் அப்பா. அவர் சத்தமில்லாமல் சிரித்தார். "நாலு ஆப்பு இருந்தாலும் அடிக்கிறது ஒரே மரத்திலயாக்கும்" என்றார். பிறகு சொன்னதற்கு வருந்தியவர்போல எங்களுக்குத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். தம்பி வாங்கிக் குடித்தான்.

படிப்புக் கட்டணத்துக்கு ஐந்து லட்சம் வரை விடுவார்கள் என்று நான் எங்கோ படித்திருந்தேன். அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"அது காலேஜுன்னு பதிஞ்ச கியூஆருக்கு. இது டிரஸ்ட் பேர்ல சாதாரணமா எடுத்தது. மாத்த எழுதிக் கொடுத்திருக்கு. இதுவரை வரல்ல."

என்னிடம் இன்னும் இருபதாயிரம் வரம்பு மிச்சம் இருந்தது. கணக்கில் பணமும் இருந்தது. போட்டேன். அக்காவை அழைத்தேன். அவள் காலையில் தம்பிக்கு அனுப்பிய ஒரு லட்சத்தோடு அவள் வரம்பு முடிந்திருந்தது.

"என் கணக்குல இன்னும் பைசா உண்டுலே. ஏன் போவாது?"

"பைசா இருக்கு அக்கா. இன்னைக்கு அனுப்ப முடியாது. உனக்குள்ள லிமிட்டு தம்பிக்கு அனுப்புனதுல தீந்து போச்சு."

"அவனுக்குத்தானே அனுப்புனேன். அவன் கெட்ட வேண்டியதுதானே."

"அவனுக்கும் தீந்து போச்சு."

"அப்போ நான் அனுப்புன லெட்சம் எங்க?" என்றாள். தம்பியின் கணக்கில் பத்திரமாக இருக்கிறது என்றேன். அது உண்மை. அதனால் அவளுக்கு இன்னும் புரியாமல் போனது.

எல்லையோரமான எங்கள் பக்கத்தில் பலரிடமும் இரண்டு சிம் இருக்கும், கேரளத்துக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று. எல்லை தாண்டிக் களியக்காவிளையில் ஒரு ரப்பர் வியாபாரியிடம் தம்பி கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த காலத்தில் அங்கே ஒரு வங்கிக் கணக்கும் திறந்திருந்தான். அந்தக் கணக்கு தமிழ்நாட்டு எண்ணோடு இணைந்தது. அந்த சிம் ஒரு பட்டன் போனில் கிடந்தது. சிட்டி என்னும் மாதச்சீட்டில் எடுத்த பணம் கொஞ்சம் அதில் உண்டு. பட்டன் போன் பையிலேயே இருந்தது. அவன் மகள் தன் காதிலிருந்த கம்மலின் முனையால் தம்பி போனின் சிம் தட்டைத் திறந்து, காலியாயிருந்த இடத்தில் அந்த சிம்மைப் போட்டு, அந்தக் கணக்கை ஆப்பில் சேர்த்தாள். பின் நம்பர் வைத்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஐம்பதாயிரம் போட்டபோது மறுத்தது. புதிதாகப் பதிந்த கணக்குக்கு முதல் இருபத்துநான்கு மணி நேரம் ஐயாயிரம்தான்.

"அஞ்சாயிரம் போடவா அப்பா?"

"போடு மக்கா."

போட்டாள். ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் கட்டியாகிவிட்டது. மீதி சரியாக ஒரு லட்சம்.

பனச்சமூட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் எங்கள் சித்தப்பா மகன் நினைவுக்கு வந்தான். அன்றைக்கு யாருக்கும் அனுப்பியிருக்கிறாயா என்று முதலில் கேட்டேன். இல்லை என்றான். ஒரு லட்சம் உடனே கல்லூரிக்கு அனுப்ப வேண்டும், நாளைக்கே தம்பி உனக்குத் திருப்பிவிடுவான் என்றேன்.

"அதுக்கு என்னத்துக்கு இவ்வளவு பேச்சு? ஐடி அனுப்புங்க."

கம்பிக்குள்ளிருந்த பெண் சொன்ன ஐடியை எழுத்துக்கூட்டிச் சரிபார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டரை மணி ஆகியிருந்தது. தம்பி எழுந்து கம்பிக்கு அருகே போய் நின்றான். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, சான்றிதழ் உறையின் பட்டனைத் திறந்து திறந்து மூடினாள். பெஞ்சில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல வெளியே மாமரத்தைப் பார்த்தார்.

தம்பியின் போன் ஒலித்தது. அவன் செய்தியைப் படித்தான். அப்படியே என்னிடம் நீட்டினான். அவனுடைய கணக்கில் ஒரு லட்சம் வரவு வைக்கப்பட்டிருந்தது. அனுப்பியவன் பனச்சமூட்டுக்காரன்.

நான் அவனை அழைத்தேன்.

"அண்ணே, அந்த ஐடி போட்டா ஏதோ டிரஸ்ட் பேரு காட்டுது. காலேஜ் பேரு இல்ல. கள்ளன்மாரு காலம்லா. அதான் உங்க தம்பி பேருக்கே போட்டுட்டேன். அவன் கையால கெட்டட்டு."

"அவன் கையால கெட்ட முடியாதுன்னுதானே உன்கிட்ட கேட்டது."

"வந்து சேந்துட்டுல்லா?"

"வந்துட்டு."

"பின்ன என்ன?"

விளக்கினேன். அவனுக்கு விளங்கியது. "சே" என்றான். இன்னொரு தடவை கல்லூரிக்கே போட்டுப் பார்க்கிறேன் என்று போனை வைத்தான். அவனுடைய அன்றைய வரம்பும் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்பதை இருவருமே அறிந்திருந்தோம். சற்றுக் கழித்து, வரம்பு முடிந்துவிட்டது என்று வந்த திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான், தன் பேச்சில் பொய் இல்லை என்று காட்டுவதுபோல.

தம்பி போனைக் கம்பிக்குள் நீட்டினான். "மேடம், பாத்துக்கோங்க. பைசா இருக்கு. இரண்டே கால் லெட்சம் அப்படியே இருக்கு. நாளைக்கு உச்சைக்கு கெட்டிடுவேன்."

அந்தப் பெண் திரையைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். கட்டியது போக, வந்தது சேர்ந்து, அவன் கணக்கில் இருந்தது முதல் தவணை முழுவதும். ஒரு ரூபாய் கூடுதலோ குறைவோ இல்லை.

"எனக்குத் தெரியுது சேட்டா. மூணு மணிக்கு லிஸ்ட் ஏத்தணும். பாதி கெட்டினதா போட இதுல இடமில்ல." உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். அவர் முகத்திலிருந்தே பதில் தெரிந்தது. கட்டிய பணத்தைத் திருப்பக் கேட்டு எழுதித் தரச் சொன்னார்.

அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் அப்பா எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, எங்கள் முன் ஒரு கணம் நின்றார். தம்பியே, "போங்க, நேரமாச்சு" என்றான். அவர் தன்னுடையது, மனைவியுடையது, மூத்த மகனுடையது என்று மூன்று போன்களை வெளியே எடுத்தார். காலையிலிருந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர். மூன்று தடவையும் போனது.

திரும்பும் பஸ்ஸில் அக்கா அழைத்தாள். "கெட்டியாச்சா?" தம்பி போனை என்னிடம் தந்தான். நான் மகளைப் பார்த்தேன். அவள் கையை நீட்டி வாங்கினாள். "இல்ல அத்தே. பைசா எல்லாம் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கோயில் முடிந்து வந்து, உச்சி தாண்டக் காத்திருந்தோம். வாங்கியதைத் திருப்ப வேண்டும். அதுவும் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான். இன்றைக்குப் பனச்சமூட்டுக்கு, நாளைக்கு அக்காவுக்கு, கல்லூரிப் பணம் திரும்பி வந்ததும் எனக்கு என்று தம்பி முறை வைத்தான். மகள்தான் அனுப்பினாள். ஆப்பைத் திறந்ததும், கடைசியாகப் பணம் பெற்றவர்களின் பட்டியலில் டிரஸ்டின் பெயர் மேலே இருந்தது. அவள் விரல் அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு தள்ளி, பனச்சமூட்டுக்காரனின் பெயரைத் தேடி எடுத்து, ஒரு லட்சம் என்று அடித்தாள்.

உடனே போய்விட்டது.