கிணறுகள் எல்லாம் ஒன்றாகிய மத்தியானம்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மெயில் ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். பல்கலைக்கழகக் கணினி அறையில் எனக்கு வேலை. அறையில் யுனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் பெட்டி ஒன்றும், மூலையில் டாஸில் ஓடும் பெட்டி ஒன்றும் இருந்தன. மின்சாரம் வந்தால் இரண்டுக்கும் உயிர் வரும். போனால் எனக்குப் போகும்.

புவியியலில் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த அக்கா ஒருவர் குடாநாட்டுக் கிணறுகளின் உப்புத்தன்மையை அளந்து எல்லாவற்றையும் யுனிக்ஸில் ஏற்றியிருந்தார். அன்றிரவு மெயில் ரயிலில் போய், மறுநாள் கொழும்பில் பரீட்சகர்கள் முன்னால் அதைக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் பட்டம் இல்லை. அங்கே இருப்பதோ டாஸ் மட்டும்; பிளொப்பித் தட்டில்தான் கொண்டுபோகவேண்டும்.

"பிளொப்பியிலை போட்டுத் தாரும் தம்பி. நான் கன்ரீனுக்குப் போட்டு வாறன்."

"இதென்ன பெரிய வேலை?" என்றேன். அந்த மூன்று சொல்லையும் இன்றைக்கும் நான் வெறுக்கிறேன்.

அக்கா கோப்புகளுக்குப் பெயர் வைத்த விதம் எங்கள் ஊரில் விலாசம் சொல்லும் விதம். மாவட்டத்துக்குள் பிரிவு, பிரிவுக்குள் ஊர், ஊருக்குள் ஒழுங்கை, ஒழுங்கைக்குள் வீடு, வீட்டுக்குள் மாதம், அதற்குள்ளேதான் கிணறு. எல்லாம் ஆங்கில எழுத்தில். பலர் சேர்ந்து அள்ளும் பங்குக் கிணறு பெரிய எழுத்தில் KINARU. வீட்டுக்காரரின் சொந்தக் கிணறு சின்ன எழுத்தில் kinaru. பங்கு யாருக்கு என்று கோட்டில் வழக்கு நடந்தால் சின்ன எழுத்துப் பெயரின் கடைசியில் ஒரு கேள்விக்குறி. யுனிக்ஸ் இதையெல்லாம் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது.

டாஸ் வேறு சாதி. முதல் வழக்குக் கிணற்றிலேயே நகலெடுப்பு நின்றது. பெயரில் கேள்விக்குறி இருக்கக்கூடாதாம். சரி, பிளொப்பிக்குப் போகும் பெயரில் அதை மட்டும் வெட்டினேன். உடனே வழக்குக் கிணறு பக்கத்துச் சொந்தக் கிணற்றின் பெயரை எடுத்துக்கொண்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. கோட்டில் வருடக்கணக்காக நடக்கிற விஷயத்தை நான் ஒரு நொடியில் தீர்த்துவைத்திருந்தேன்.

டாஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேற்றுமையும் கிடையாது. பங்குக் கிணறு வந்தது. பின்னால் வந்த சொந்தக் கிணறு அதே பெயரில் அதை அழித்துவிட்டு இருந்தது. பெயரில் எட்டெழுத்துக்கு மேல் வெட்டு வேறு. உடுப்பிட்டி ஊரில் "கோவிலடி" (KOVILADI) என்று தொடங்கிய இரண்டு ஒழுங்கைகளும் ஒரே ஒழுங்கையாயின. நீளப் பெயர் உள்ள இடங்களில் வீட்டுக்குள் மாதம் வரை போனபோது, பாதை நீண்டுவிட்டது, இதற்குமேல் வரமாட்டேன் என்றது டாஸ்.

பிளொப்பியைத் திறந்து பார்த்தேன். ஊர் நிறையக் கிணறு இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ நாலைந்து. கதிரையோடு பின்னுக்குச் சாய்ந்து கத்தினேன்: "ஐயோ, உடுப்பிட்டிக் கிணறு எல்லாம் போச்சுது!"

அறை வாசலில் இருந்த பியோன் கயிற்றோடு ஓடிவந்தார்.

"சேர், ஆர் விழுந்தது?"

"ஒருத்தரும் விழேல்லை."

"பிறகேன் கத்துறியள்? நான் வாளியையும் எடுக்கப் போனனான்!"

பின்னாலேயே அக்கா, கையில் வடையோடு. திரையைப் பார்த்தார். நான் அழுவதற்கு வசதியாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"தம்பி, நீர் நகல்தானே எடுத்தனீர்?"

"ஓம் அக்கா."

"யுனிக்ஸிலை இருக்கிறதை அழிச்சனீரோ?"

"இல்லை."

"அப்ப என்ரை கிணறு எல்லாம் அங்கைதான் கிடக்கு. உம்மடை மூளைதான் விழுந்திட்டுது. பியோன் அண்ணை, அந்தக் கயிறை இவருக்கு விடுங்கோ."

பியோன் உண்மையிலேயே கயிற்றை நீட்டினார்.

சிரித்துச் சிரித்துக் கொஞ்சம் தெளிந்தபோதுதான் யோசனை வந்தது. டாஸுக்குப் பிடிக்காதது பெயர்தான்; கோப்புக்குள் இருக்கிற எழுத்தை அது கேட்பதில்லை. அப்படியென்றால் பெயரை உள்ளே வைத்தால் என்ன? ஒவ்வொரு கிணற்றுக்கும் முதல் வரியாக ஒரு அடையாளக்குறி, பிறகு மாவட்டத்திலிருந்து கேள்விக்குறி வரை அதன் முழு விலாசம், கீழே அளவுகள். எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி ஒரே கோப்பு. அதற்குப் பெயர் WELLS.TXT. எட்டெழுத்துக்குள், ஒரு குற்றமும் சொல்லமுடியாத பெயர். கொழும்பில், கிணறுகளை வாசித்துக் காட்டும் அக்காவின் கணினி நிரல் அடையாளக்குறியைக் கண்டதும் புதுக் கிணறு என்று எடுத்துக்கொள்ளும். அதற்கான வரியை அக்காவே நிரலில் சேர்த்து எழுதினார்; கோப்பையும் நிரலையும் பிளொப்பியில் ஏற்றினேன்.

"சும்மா தராதையும். இஞ்சையே டாஸிலை போட்டுப் பாரும்," என்றார்.

பிளொப்பியை மூலைப் பெட்டிக்குக் கொண்டுபோனேன். அதைத் தலைகீழாகச் செருகப் பார்த்து, பியோனிடம் இன்னொரு பேச்சு வாங்கினேன். நிரல் ஓடியது. யுனிக்ஸில் எத்தனை கிணறோ அத்தனையும் எண்ணியது. அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்து, பங்குக் கிணறு, சொந்தக் கிணறு என்று விரல் வைத்துப் போனார்.

"வழக்குக் கிணறு?"

"கேள்விக்குறியோடை இருக்கு, அக்கா."

"அப்ப சரி. தீர்ப்பு இன்னும் வரேல்லை."

இரண்டாவது பிரதி ஒன்றும் எடுக்கச் சொன்னார். அதை எடுத்து முடித்ததும், மிச்ச வடையை என் வாயில் திணித்துவிட்டு, இரண்டு பிளொப்பியையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டேசனுக்குச் சைக்கிளை மிதித்தார்.