மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல்

கறம்பக்குடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். புடவைக்கு மேல் ஓவர்கோட் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்குப் போக வேண்டும் என்று எங்கள் தாளாளர் உத்தரவு போட்டார். சித்திரை வெயிலிலும் இது கட்டாயம், பெண்களுக்கு மட்டும். அதைக் கேட்டபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன், வேலை வேண்டுமே.

மாதிரிக்கு ஒரு கோட்டை அலுவலகத்தில் மாட்டி வைத்தார்கள். ஆபீஸ் வேலை பார்க்கும் அக்காவுக்குத் தைத்தது அது. அவர் குள்ளம். அவர் போட்டால் கோட் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்கும், கை முழங்கையை மூடி மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே முடியும். பார்க்க ஒழுங்காக இருந்தது. “இதே மாதிரி எல்லாருக்கும்” என்று தையல்காரருக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் மார்புச் சுற்றளவை மட்டும் ஆளுக்கு ஆள் கேட்டு எழுதிக்கொண்டார். உடல் நீளத்தையும் கை நீளத்தையும் மாதிரியிலிருந்தே எடுத்து எல்லோருக்கும் ஒரே அளவாக வெட்டிவிட்டார். முழங்கால் ஆளுக்கு ஆள் வேறு உயரத்தில் இருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

புதிதாகச் சேர்ந்த அறிவியல் டீச்சர் நல்ல உயரம். பள்ளியிலேயே அவர்தான் நெட்டை. அதே கோட் அவருக்கு இடுப்பு எலும்போடு நின்றுவிட்டது. கையைத் தொங்கவிட்டால் முழங்கை மூடியிருக்கும். போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் துணி ஏறி முழங்கை வெளியே வந்துவிடும். அதற்கு அவர் என்ன செய்ய முடியும்?

தாளாளர் ஒரு நாள் காலை கேட்டில் நின்று, பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பினார். ஃபேஷனுக்காகக் குட்டையாகத் தைத்துக்கொண்டாராம். மறுபடியும் இப்படி வந்தால் வேலை நிரந்தரமாகாது என்றும் சொன்னார். அந்தப் பெண்ணின் கணவர் வெளிநாட்டில் வேலை தேடிக்கொண்டிருந்தார். இந்த வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அரை நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு மதியம்தான் உள்ளே விட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்தவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நேரே தாளாளர் அறைக்குப் போனேன். எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டேன். “டீசன்ட்டா இருக்கணும்” என்றார். டீசன்ட் எங்கே முடிகிறது, முழங்காலிலா, இடுப்பிலா என்று கேட்டேன். அவருக்கு முகம் சிவந்தது. வாயால் சொல்லாமல் வைத்திருந்தால்தானே, யாரை வேண்டுமானாலும் எந்த நாளும் நிறுத்தலாம்? அவருடைய சௌகரியமே அந்த மழுப்பலில்தான் இருந்தது.

நான் விடவில்லை. அளவை எழுத்தில் தந்தால்தான் போவேன் என்று நின்றேன். கடைசியில் அவரே அறிவிப்பு எழுதினார். கோட்டின் நீளம், நேராக நிற்கும்போது முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. கை, முழங்கையை மடக்கி நிற்கும்போது மணிக்கட்டு எலும்புக்கு நாலு விரல் மேலே. சாணும் விரலும் அவரவருடையது. மடக்கி அளக்க வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். நீட்டி அளந்தால் போர்டில் எழுதும்போது மறுபடி அதே கதைதான். அறிவிப்பின் கீழே கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

அந்தப் பெண் அந்தக் கணக்கிலேயே புதுக் கோட் தைத்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை காலை அவரோடு நானும் கேட்டுக்குப் போனேன். தாளாளர் ஏற இறங்கப் பார்த்தார்.

“இப்பவும் சின்னதாத்தான் தெரியுது” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டார். இடது கையை மடக்கி, மணிக்கட்டின் மேல் தன் வலது கை நாலு விரலையும் சேர்த்து வைத்தார். கோட்டின் விளிம்பு விரலை ஒட்டி நின்றது. பிறகு குனிந்து முழங்காலிலிருந்து சாண் வைத்தார். கட்டைவிரல் நுனியில் கோட்டின் ஓரம் தொட்டது. பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“சார், நீங்க எழுதுனதுதாங்க இது. எங்க குறையுதுன்னு காட்டுங்க” என்றார், குரலை உயர்த்தாமல்.

தாளாளர் கோட்டைப் பார்க்கவில்லை. இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்துவிட்டு, மணி அடிக்கச் சொல்லி உள்ளே போனார். அந்தப் பெண்ணின் வேலை பிழைத்தது.

நாங்கள் ஜெயித்ததாக மற்ற டீச்சர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று பட்டம் வாங்கிய ஒரு பெண், வகுப்புக்குள் போவதற்காக, அத்தனை பிள்ளைகள் முன்னால் குனிந்து தன் முழங்காலைச் சாண் போட்டுக் காட்டியிருக்கிறார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.