கழிப்பறைக்குள் ஒளிந்து தப்பிய ஊசி

பதின்மூன்று வயதில், புத்தளத்து அகதி முகாம் பள்ளிக்கூடத்தில் ருபெல்லா ஊசி போட வந்த நாளன்று நான் கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டேன். உம்மாவிடம் ஊசி போட்டாயிற்று என்று சொல்லிவிட்டேன்.

போர் முடிந்த பிறகு கற்பிட்டியில் ஆசிரியையாக இருந்தேன். மூன்று மாதக் கர்ப்பம். அப்போது என் வகுப்புப் பிள்ளையொன்றுக்கு உடம்பெல்லாம் சிவந்து ருபெல்லா வந்தது. மறுநாளே உம்மாவோடு கிளினிக்குக்குப் போனேன்.

"சின்னதில ருபெல்லா ஊசி போட்டீங்களா?" என்று மருத்துவ மாது கேட்டார்.

"ஓம், போட்டவ," என்று உம்மா முந்திக்கொண்டார்.

"இல்ல மிஸ். அண்டைக்கு நான் ஒளிச்சிட்டன்."

உம்மா என்னை முறைத்தார்.

முதல் மாதங்களில் ருபெல்லா தொற்றினால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். கர்ப்பத்தில் அந்த ஊசியைப் போடவும் முடியாது. அன்றே இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் உம்மாவோடு டொக்டரிடம் போனேன்.

"பயப்படாதீங்க," என்றார் டொக்டர். "புதுத் தொற்றுக்கு அடையாளம் இல்ல. பழைய எதிர்ப்புச் சக்தி நல்லா இருக்கு. இப்ப தொற்றியிருந்தா அது இவ்வளவு கெதியா வராது. உங்களுக்கு இது முந்தியே வந்து போயிருக்கு."

உம்மா யோசித்தார். "ஓம் டொக்டர், முகாமுக்கு வந்த வருசம் மூணு நாள் உடம்பெல்லாம் சிவந்து கிடந்தா. சூடு எண்டு இளநீர் குடுத்தன்."

டொக்டர் சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் உம்மா என் காதைப் பிடித்துத் திருகினார். என் மாணவர்கள் யாரும் பார்க்கிறார்களா என்று அவசரமாகச் சுற்றிப் பார்த்தேன்.